எல்லாம் பண்ணிப் பார்த்துட்டேன் அண்ணே

“அண்ணே வணக்கம். மோட்டார் ஆன் ஆகும்போது போர்டு ரீசெட் ஆகுது. எல்லாம் பண்ணிப் பார்த்துட்டேன். ப்ரௌன்அவுட் ப்ராப்ளம்தான். என்ன கெபாசிட்டர் போடணும்? அர்ஜென்ட்.”

இது நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுப்பிய மெசேஜ். இதில் உண்மை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடிய பகுதி ஒன்றுதான். வணக்கம்.

அண்ணன் ஃபேக்டரிகளுக்கு பேனல் போர்டு கட்டித் தருபவர். காலையில் ஒரு மில், மதியம் ஒரு ரைஸ் மில் என்று ஓடுகிறவர். என்னை மாதிரி மென்பொருள் ஆட்கள் வீட்டில் கரண்டோடு விளையாடிக் கெடுத்துவைப்பதையும் இலவசமாகச் சரிசெய்து கொடுப்பார். அரை மணி கழித்துப் பதில் வந்தது. “எல்லாம்னா?”

ஒரு சொல். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் இன்னொரு தடவை ‘அர்ஜென்ட்ணே’ என்று அனுப்பினேன்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டில் கீழே சம்ப், மாடியில் டேங்க், நடுவில் 1 ஹெச்.பி. மோனோபிளாக் மோட்டார். தண்ணீர் நிரம்பி வழிந்து, பக்கத்து வீட்டு அக்கா “தம்பீ, மோட்டாரு!” என்று கூப்பிட்ட பிறகே ஆஃப் செய்வது எங்கள் குடும்ப வழக்கம். இத்தனை வருடமாக வேலை செய்துவந்த இந்த ஆட்டோமேஷனை மாற்றுவோம் என்று எனக்குத் தோன்றியது.

ஒரு ஈஎஸ்பி32 போர்டு வாங்கினேன். டேங்க்கின் மேலே ஒரு ஃப்ளோட் சுவிட்ச், கீழே ஒன்று. தண்ணீர் கீழ் ஃப்ளோட்டுக்கு இறங்கினால் போர்டு ஒரு சின்ன ரிலேவை ஆன் செய்யும். அந்த ரிலே 230 வோல்ட் கான்டாக்டரின் காயிலுக்குக் கரண்ட் கொடுக்கும். கான்டாக்டர் மோட்டாரை ஓட்டும். மேல் ஃப்ளோட் தூக்கினால் எல்லாம் ஆஃப். போர்டுக்குப் பவர், பழைய மொபைல் அடாப்டர். வயரிங் முழுக்க என் கைவண்ணம். கான்டாக்டரின் வயரும் போர்டின் ஜம்பர் வயர்களும் ஒரே பெட்டிக்குள் சடை பின்னிக் கிடந்தன. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நானே டை போட்டுக் கட்டியிருந்தேன்.

அதோடு என் புத்திசாலித்தனமும் கொஞ்சம் சேர்ந்திருந்தது. கரண்ட் போய் வந்தால் டேங்க் பாதியில் நின்றுவிடக் கூடாதே? அதனால் போர்டு புதிதாக உயிர் பெறும்போது, டேங்க் நிரம்பவில்லை என்றால் மோட்டாரைத் தானாகவே ஆன் செய்துவிடும்படி எழுதியிருந்தேன். இந்த வசதியைப் பற்றி அண்ணனுக்கு அனுப்பிய மெசேஜில் ஒரு வார்த்தை கிடையாது. நம் சாமர்த்தியத்தைப் பற்றி நாமே பேசினால் நன்றாக இருக்காது அல்லவா.

சரி, ‘எல்லாம்’ என்று நான் சொன்னது என்னென்ன? மூன்று காரியம். அடாப்டரை மாற்றினேன். 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை போர்டின் 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே சொருகினேன். எங்கோ பார்த்த ஒரு வரியை கோடில் ஒட்டினேன்:

```
WRITE_PERI_REG(RTC_CNTL_BROWN_OUT_REG, 0);
```

இந்த வரி என்ன செய்யும் என்று அப்போது கேட்டிருந்தால், ‘ப்ராப்ளத்தை சால்வ் பண்ணும்’ என்று சொல்லியிருப்பேன். உண்மையில் அது செய்வது வேறு. சப்ளை வோல்டேஜ் ரொம்ப இறங்கிப்போனால், தப்புத்தப்பாக ஓடுவதைவிட ரீஸ்டார்ட் ஆவது மேல் என்று சிப்பே முடிவெடுக்கும். அந்தக் காவலுக்குப் பெயர்தான் ப்ரௌன்அவுட் டிடெக்டர். மேலே உள்ள வரி அந்தக் காவலை அணைத்துவிடும். வோல்டேஜ் இறங்கினால் இறங்கிக்கொண்டேதான் இருக்கும், சொல்ல ஆள் இருக்காது.

இந்த மூன்றையும் ஒரே மாலையில், ஒரே மூச்சில் செய்தேன். அப்புறம் ஒரு தடவை மோட்டாரை ஓட்டிப் பார்த்தேன். ரீசெட் ஆகவில்லை. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவர்கள் வந்து நின்று பார்த்தபோது ஆனது.

இதை அப்படியே அண்ணனிடம் எழுதியபோது அவர் இரண்டாவது கேள்வி கேட்டார். “பத்து தடவைக்கு எத்தனை தடவை ஆகுது?” எனக்குத் தெரிந்த அளவுகள் ‘சில சமயம்’, ‘அடிக்கடி’, ‘விருந்தாளி வந்தா கண்டிப்பா’ ஆகிய மூன்றுதான். எண்ணிப் பார்க்கச் சொன்னார்.

எண்ணுவதென்றால் மேல் ஃப்ளோட் தூக்க வேண்டும். மொட்டை மாடிக்கு ஏறி, டேங்க் மூடியைத் திறந்து, கையை விட்டுத் தூக்கிவிட்டு, கீழே ஓடிவந்து போர்டைப் பார்ப்பேன். மூச்சிரைக்கத் திரும்ப ஏறும்போது, “ஃப்ளோட்லேருந்து வர்ற ரெண்டு வயரையும் கீழேயே தொட வச்சா போதாதாப்பா?” என்றாள் மகள். ஏழாவது படிக்கிறாள். உடற்பயிற்சிக்காகத்தான் ஏறுகிறேன் என்று சொல்லிவைத்தேன்.

கணக்கு வந்தது. பத்துக்கு ஆறு. அதாவது நான் எதுவுமே செய்யாவிட்டாலும் பத்தில் நாலு தடவை போர்டு சமர்த்தாகத்தான் இருக்கும். ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்து ‘சரியாகிவிட்டது’ என்று கொண்டாடினேனே, அதற்கு 40 சதவீத வாய்ப்பு சும்மாவே இருந்தது. தொடர்ந்து மூன்று தடவை சும்மா தப்பிக்க வாய்ப்பு 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். பத்து தடவையும் தப்பித்தால் மட்டும்தான் ‘சரியானது’ என்ற சொல்லைக் கூச்சமில்லாமல் சொல்லலாம். ப்ளஸ் டூவில் ப்ராபபிலிட்டியில் முழு மார்க் வாங்கியவன் நான் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை.

அடுத்த கேள்வி. “மோட்டார் ஆன் ஆகும்போதா, ஆஃப் ஆகும்போதா?”

ஆன் ஆகும்போதுதான் என்றேன். அதில் சந்தேகமே இல்லை. ‘டப்’ என்று சத்தம், போர்டின் லைட் அணைந்து எரியும், மோட்டார் உறுமும். கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது. “லாக் அனுப்பு” என்றார்.

லேப்டாப் திரையை செல்போனில் படம் எடுத்து அனுப்பினேன். அதில் ட்யூப்லைட் நன்றாக விழுந்திருந்தது. என் மூக்கும் ஓரளவு தெரிந்தது. “எழுத்தா அனுப்பு தம்பி” என்று வந்தது. காப்பி, பேஸ்ட் என்று இரண்டு சமாச்சாரம் கண்டுபிடித்து அரை நூற்றாண்டு ஆகிறது. அதை வைத்துத்தான் நான் சம்பளமே வாங்குகிறேன்.

எழுத்தாக அனுப்பியது இது:

```
[412870] float=FULL relay=OFF
ets Jun  8 2016 00:22:57
rst:0x1 (POWERON_RESET),boot:0x13 (SPI_FAST_FLASH_BOOT)
[310] boot float=NOT_FULL relay=ON
```

முதலில் ஒரு துணைக் கேள்வியும் இணைத்திருந்தேன்: “போர்டுல தேதி 2016 ஜூன் 8னு காட்டுது, கடிகாரம் தப்பா ஓடுறதுனால ரீசெட் ஆகுதோ?” அது சிப்புக்குள்ளேயே பதித்த ஆரம்ப நிரலின் தேதி. ஒவ்வொரு தடவை ரீஸ்டார்ட் ஆகும்போதும் அப்படியே வரும் வரி. அண்ணன் இந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. அதை நான் அவருடைய பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டேன்.

இப்போது அந்த நாலு வரியை மேலிருந்து கீழாகப் படியுங்கள். நான் படிக்காததை நீங்களாவது படியுங்கள். சதுர அடைப்புக்குள் இருப்பது போர்டு விழித்ததிலிருந்து கடந்த மில்லிசெகண்ட். 412870 என்றால் ஏறக்குறைய ஏழு நிமிடம். ஏழு நிமிடம் மோட்டார் ஒழுங்காக ஓடியிருக்கிறது. டேங்க் நிரம்பியதும் ரிலே ஆஃப். அதற்கு அடுத்த வரியே ரீஸ்டார்ட். அதற்கு அப்புறம்தான் மோட்டார் ஆன்.

அதாவது மோட்டார் ஆன் ஆனதால் போர்டு ரீசெட் ஆகவில்லை. போர்டு ரீசெட் ஆனதால் மோட்டார் ஆன் ஆகியிருக்கிறது. தண்ணீர் விழுவது நின்றதும் டேங்க்கில் அலை அடங்கி, மேல் ஃப்ளோட் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. புதிதாக விழித்த போர்டு, டேங்க் நிரம்பவில்லை என்று பார்த்து, என் புத்திசாலித்தனமான வரியின்படி மோட்டாரை உடனே ஆன் செய்திருக்கிறது. ஆஃபும் ஆனும் அரை நொடிக்குள் நடந்ததால் எனக்குக் கேட்டது ஒரே ‘டப்’. தன்னடக்கம் கருதி நான் மறைத்த அதே வசதிதான் காரணத்தையும் விளைவையும் தலைகீழாகத் திருப்பிவைத்திருந்தது.

இந்த இடத்தில் அண்ணனுக்காக வருத்தப்பட்டேன். என் முதல் மெசேஜை நம்பி அவர் யோசித்திருந்தால், மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட், அதனால் வீட்டு லைனில் விழும் வோல்டேஜ், அடாப்டரின் பலம் என்று முற்றிலும் வேறொரு ஊருக்குப் போயிருப்பார். நல்லவேளை, அவர் நம்பவில்லை. என்னை அவருக்கு ரொம்ப நாளாகத் தெரியும்.

‘ப்ரௌன்அவுட் ப்ராப்ளம்தான்’ என்று எழுதினேனே, அதற்கும் இந்த லாகில் ஆதாரம் இல்லை. ப்ரௌன்அவுட் என்றால் `Brownout detector was triggered` என்று போர்டே எழுதிக் காட்டும். இங்கே அந்த வரியைக் காணோம். ‘அப்போ ப்ரௌன்அவுட் இல்லைண்ணே’ என்று அடுத்த தீர்ப்பை உடனே எழுதினேன். “டிடெக்டரை நீதானே ஆஃப் பண்ணிவச்சிருக்க? அப்புறம் எப்படி வரும்?” என்றார். அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி லாக் எடுத்தேன். அப்போதும் ப்ரௌன்அவுட் வரவில்லை. இரண்டு லாகும் ஒரே மாதிரிதான் இருந்தன. ஆனால் முதலாவது சாட்சியே அல்ல, இரண்டாவது சாட்சி. இந்த வித்தியாசம் எனக்கு உறைக்க ஒரு டீ குடிக்க வேண்டியிருந்தது.

புட்டி என்ற மென்பொருளை எழுதிய சைமன் டேதம், பக் ரிப்போர்ட் எழுதுவது எப்படி என்று 1999-லேயே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். நீங்கள் கண்டதை முதலில் எழுதுங்கள், நீங்கள் நினைப்பதை வேண்டுமானால் அப்புறம் எழுதுங்கள் என்பது அதில் ஒரு முக்கியமான பகுதி. அந்தக் கட்டுரையை நான் வருடக்கணக்காக ஜூனியர் பசங்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். முதல் பக்கத்துக்கு மேல் போனதில்லை.

கேள்வியை ஒழுங்காகத் திருப்பி எழுத வேண்டும் என்று அன்று மாலை உட்கார்ந்தேன். ‘பண்ணிப் பார்த்தது’ என்று தலைப்புப் போட்டதும் ஒரு சிக்கல் புரிந்தது. நான் செய்த மூன்றில் எதையும் எழுத முடியவில்லை. மூன்றையும் சேர்த்துச் செய்ததால், எதனால் என்ன ஆனது என்று எனக்கே தெரியாது. அண்ணனுக்கு அதிலிருந்து கழிக்க ஒன்றுமே கிடைக்காது. ‘இது இல்லை’ என்று ஒன்றைத் தள்ளிவிட முடிந்தால்தான் அது பண்ணிப் பார்த்தது. மற்றதெல்லாம் பொழுதுபோக்கு.

ஆகவே ஒவ்வொன்றாக. முதல் சந்தேகம் அடாப்டர். அடாப்டரையும் வீட்டு லைனையும் மொத்தமாக ஒதுக்க, போர்டை பவர் பேங்கில் ஓட்டினேன். கொஞ்ச நேரத்தில் போர்டு அணைந்தது. ‘அடாப்டர் இல்லைண்ணே, பவர் பேங்கிலும் அதே கதைதான்’ என்று எழுதி அனுப்பப் போனேன். விரல் பட்டனில் இருக்கும்போதுதான் கவனித்தேன், போர்டு அணைந்தது மோட்டார் ஆஃப் ஆகும்போதே இல்லை. போர்டு இழுப்பது குறைவான கரண்ட். ஃபோன் சார்ஜ் முடிந்துவிட்டதாக நினைத்துப் பல பவர் பேங்குகள் தானாகத் தூங்கிவிடும். என்னுடையதும் தூங்கியிருந்தது. ரிப்போர்ட்டை அழித்தேன்.

அப்புறம் சார்ஜரைப் பிடுங்கிய லேப்டாப்பில் செருகினேன். இது தூங்காது, லாகும் கிடைக்கும், வீட்டு லைனோடு சம்பந்தமும் இல்லை. பத்துக்கு ஐந்து ரீசெட். ஆக, அடாப்டர் குற்றவாளி இல்லை. புதிதாக வாங்கிய அடாப்டருக்கான பில்லை எங்கே வைத்தேன் என்று தேடினேன்.

இரண்டாவது, மோட்டார். மோட்டாருக்குப் போகும் எம்.சி.பி.யை ஆஃப் செய்துவிட்டு, கான்டாக்டர் மட்டும் அடிக்கும்படி விட்டேன். அப்போதும் பத்துக்கு ஆறு. அப்படியானால் இத்தனை நாளாக நான் திட்டிக்கொண்டிருந்த மோட்டார் இந்தக் கதையிலேயே இல்லை. என் மெசேஜில் வணக்கத்துக்கு அடுத்த சொல்லே அதுதான்.

மூன்றாவது, ரிலே. மெயினை ஆஃப் செய்து, கான்டாக்டர் காயிலுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு, வெறும் ரிலேவை மட்டும் ‘டிக் டிக்’ என்று விட்டேன். பத்துக்குப் பூஜ்யம். காயில் இருந்த இடத்தில் ஒரு 60 வாட் குண்டு பல்பை மாட்டினேன். ஹோல்டரோடு, எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவர் பக்கத்தில் நிற்க. அதே ரிலே, அதே 230 வோல்ட், அதே வயர். பத்துக்குப் பூஜ்யம். பல்பு என்றால் சும்மா இருக்கிறது, காயில் என்றால் கவிழ்கிறது.

எல்லாம் முடித்த பிறகு திருப்பி எழுதிய கேள்வி இது. முதல் மெசேஜைவிடப் பல மடங்கு நீளம், ஆனால் அண்ணன் இதற்குத் திருப்பிக் கேள்வி கேட்கவில்லை:

“அண்ணே, 230 வோல்ட் ஏ.சி. கான்டாக்டர் காயில் ஆஃப் ஆகும்போது ஈஎஸ்பி32 போர்டு ரீஸ்டார்ட் ஆகுது. ஆன் ஆகும்போது ஆகல. பத்து ஆஃபுக்கு ஆறு தடவை. காயிலை ஆன், ஆஃப் பண்றது 5 வோல்ட் ரிலே மாட்யூல்.

லாகில் `rst:0x1 (POWERON_RESET)`னு வருது. ப்ரௌன்அவுட் டிடெக்டர் ஆன்ல இருக்கு, அந்த மெசேஜ் வரல. போர்டுல இருக்கிற ரீசெட் பட்டனைக் கையால அமுக்கினாலும் இதே வரிதான் வருது.

லேப்டாப் பேட்டரில போர்டை ஓட்டினாலும் ஆகுது. மோட்டார் எம்.சி.பி. ஆஃப்ல இருந்தாலும் ஆகுது. காயிலைக் கழட்டிட்டா ஆகல. காயிலுக்குப் பதிலா 60 வாட் பல்பு போட்டா ஆகல. ஒவ்வொண்ணும் பத்து தடவை.

காயில் வயரும் போர்டு வயரும் ஒரே கட்டா இருக்கு, போட்டோ வச்சிருக்கேன். இன்னும் பண்ணிப் பார்க்காதது: வயரைப் பிரிக்கிறது. காயில் மேல எதுவும் போடல.

போர்டு ரீசெட் ஆகாம இருக்கணும். அதுதான் வேணும். கெபாசிட்டர்தான் வேணும்னு இல்ல.”

கடைசி வரியை எழுதத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டேன். முதல் மெசேஜில் நான் கேட்டது ‘என்ன கெபாசிட்டர் போடணும்’ என்று. பிரச்சினையைக் கேட்கவில்லை, நானே முடிவுசெய்த வைத்தியத்துக்கு மருந்துக் கடை மட்டும் கேட்டேன். அண்ணன் அவசரத்தில் ‘2200 போடு’ என்று சொல்லியிருந்தால் போட்டிருப்பேன். அப்புறம் 4700. பெட்டி நிறைய கெபாசிட்டரும் பத்துக்கு ஆறு ரீசெட்டுமாக ஆனந்தமாக வாழ்ந்திருப்பேன்.

பட்டன் விஷயத்துக்காக மட்டும் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். லாகில் வருவது ‘பவர்ஆன் ரீசெட்’ என்றாலும் பவர் போய் வந்தது என்றே அர்த்தமில்லை. சிப்பின் ‘ஈஎன்’ பின் ஒரு கணம் கிரவுண்டுக்குப் போனாலும் அதே வரிதான். ரீசெட் பட்டன் இழுப்பதும் அந்தப் பின்னைத்தான். இதை நான் ஆராய்ந்து கண்டுபிடிக்கவில்லை. லாக் எடுக்கும்போது முழங்கை பட்டனில் பட்டுவிட்டது.

பதில் இரண்டு நிமிடத்தில் வந்தது. “காயிலுக்கு ஸ்னப்பர் போடு. ஏ1, ஏ2-க்கு நடுவுல, காயில்கிட்டயே. 100 ஓம், 0.1 மைக்ரோ எக்ஸ்2, சீரிஸ்ல. வயரைப் பிரி.”

“ரிலே மாட்யூல்லதான் டயோடு இருக்கே அண்ணே?” என்று என் ஞானத்தைக் காட்டினேன். அந்த டயோடு ரிலேயின் சொந்த 5 வோல்ட் காயிலுக்கு. அந்தப் பக்கம் இருக்கும் கான்டாக்டர் காயிலை அதற்குத் தெரியவே தெரியாது. கான்டாக்டர் காயில் மேலும் ஒரு டயோடு போட்டுவிடலாமே என்றால், அது ஏ.சி.; பாதி அலையில் டயோடு நேராகக் கரண்டை விட்டு ஷார்ட் ஆக்கிவிடும். அதைப் போட்டுப் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் கேட்டுவிட்டுச் செய்த ஒரே காரியம்.

நடப்பது இதுதான். காயிலில் ஓடிக்கொண்டிருக்கும் கரண்ட், ரிலே திடீரென்று திறந்ததும் சட்டென்று நிற்காது. போக வழி இல்லாமல் வோல்டேஜை மளமளவென்று ஏற்றிக்கொண்டு, ரிலேயின் இரண்டு முனைகளுக்கு நடுவே பொறியாகப் பாயும். அந்தப் பொறியின் இரைச்சலைப் பக்கத்தில் கிடக்கும் ஒவ்வொரு வயரும் ஆன்டெனா மாதிரி வாங்கும். நான் ஆசையாக டை போட்டுக் கட்டிய ஜம்பர் வயர்கள் வழியாக அது போர்டுக்குள் வந்து ‘ஈஎன்’ பின்னை ஒரு கணம் கீழே இழுத்திருக்கிறது. பல்புக்கு அப்படி ஆற்றலைச் சேமித்துவைக்கும் குணம் இல்லை, அதனால் பொறியும் சொல்லும்படி இல்லை. ஸ்னப்பர் என்பது அந்தக் கரண்டுக்கு ஒரு சந்து வழி. கெபாசிட்டர் வாங்கிக்கொள்ளும், ரெசிஸ்டர் அதைச் சூடாகக் கரைத்துவிடும். கடைசியில் பார்த்தால் கெபாசிட்டர்தான் போட வேண்டியிருந்தது. ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்று மனைவியிடம் சொன்னேன்.

ஏன் பத்துக்கு ஆறு, ஏன் பத்துக்குப் பத்து இல்லை? ஏ.சி. கரண்ட் நொடிக்கு ஐம்பது சுற்று ஏறி இறங்குகிறது. ரிலே எந்தக் கணத்தில் திறக்கிறது என்பது அதிர்ஷ்டம். கரண்ட் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது திறந்தால் பொறி கம்மி, உச்சியில் இருக்கும்போது திறந்தால் போர்டு காலி. விருந்தாளிகளுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அறிவியல் சொல்கிறது.

எக்ஸ்2 என்பது 230 வோல்ட் லைனுக்குக் குறுக்கே போடவென்றே பாதுகாப்புத் தரம் பெற்ற கெபாசிட்டர். போர்டில் சொருகின அந்த 1000 மைக்ரோவைக் கழற்றி இங்கே மாட்டலாமா என்று கேட்க நினைத்தேன். 16 வோல்ட் என்று அதிலேயே எழுதியிருந்ததைப் படித்தேன். கேட்கவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் அண்ணன் என்னோடு பேச வேண்டும்.

ஸ்னப்பரை வாங்கி மாட்டினேன். கையோடு கையாக டைகளை வெட்டி, காயில் வயரைப் பெட்டியின் ஒரு பக்கமும் போர்டு வயர்களை மறுபக்கமும் ஒதுக்கினேன். இருபது தடவை ஆஃப் செய்தேன். பூஜ்யம். “வொர்க் ஆகுதுண்ணே! சூப்பர்ணே!” என்று நாலைந்து கும்பிடும் கைகளோடு அனுப்பினேன்.

“எதனால?” என்று வந்தது. “ஸ்னப்பராலயா, வயரைப் பிரிச்சதாலயா?”

இரண்டையும் சேர்த்துச் செய்திருந்தேன்.

ஸ்னப்பரைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை எண்ணிப் பார், அடுத்த வாரம் ஒரு மில் பேனலில் எனக்கும் இதே தலைவலி இருக்கு, தெரிஞ்சா உதவும் என்றார். கழற்றலாம்தான். ஆனால் டேங்க் நிரம்பியிருக்கிறது, மோட்டார் தானாக நின்றிருக்கிறது, அந்தப் பெட்டியை இனிமேல் திறந்தால் வீட்டுக்குள் சேர்க்க மாட்டேன் என்று மனைவி சொல்லியிருக்கிறாள். அண்ணனுக்கு ‘பார்த்துட்டுச் சொல்றேண்ணே’ என்று போட்டிருக்கிறேன். ‘எல்லாம் பார்த்துட்டேன்’ என்று போடவில்லை. அந்த அளவுக்கு முன்னேற்றம்.